சாவியை யார் வாங்கி வைப்பது?

ஊழியர்களுக்காக வீடு பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்களின் நிர்வாகப் பிரிவு, மனிதவளப் பிரிவு நண்பர்களுக்கு,



வேலையை விட்டுப் போகிறவர் தன் கடைசி நாளில் ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக அலைவார். 'நோ டியூ' படிவம் என்று எல்லா அலுவலகத்திலும் அதற்குப் பெயர். லேப்டாப் கொடுத்தாயிற்றா, அடையாள அட்டை கொடுத்தாயிற்றா, கேன்டீன் பாக்கி உண்டா, நூலகப் புத்தகம் உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எண்ணூறு ரூபாய் ஹெட்செட்டுக்குக்கூட ஒரு கட்டம் உண்டு. மாதம் நாற்பதாயிரம் ரூபாய் வாடகையில், நிறுவனத்தின் பெயரில் எடுக்கப்பட்டு, அவர் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டுக்குப் பல படிவங்களில் கட்டமே இருப்பதில்லை. இந்த மடல் அந்த விடுபட்ட கட்டத்தைப் பற்றியது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சென்னையில் 'லீஸ்' என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது வேறு ஏற்பாடு. ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது அது. 'கம்பெனி லீஸ்' அப்படியல்ல. மாதா மாதம் வாடகை உண்டு, அட்வான்ஸ் உண்டு. ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்ற இடத்தில் மட்டும் மனிதர் பெயருக்குப் பதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். வாடகை நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து தேதி தவறாமல் வந்துவிடும் என்பதால் வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்கும். பூனாவிலிருந்தோ ஓசூரிலிருந்தோ மாற்றலாகி ஒரகடம் தொழிற்சாலைக்கு வருகிற பொறியாளருக்கு, வந்த வாரத்திலேயே போரூரிலோ பூந்தமல்லியிலோ வீடு தயாராக இருக்கும் என்பதால் அவருக்கும் பிடிக்கும்.

வருமான வரிக் கணக்கும் இதற்குச் சாதகம். நிறுவனம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் வீட்டின் மதிப்பாக ஊழியரின் வருமானத்தில் சேர்க்கப்படுவது, உண்மையான வாடகை அல்லது சம்பளத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. 2023 செப்டம்பருக்கு முன்பு அது 15 சதவீதமாக இருந்தது. வரிக்கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் 90,000 என்றால், நாற்பதாயிரம் ரூபாய் வீடு வரிக்கணக்கில் 9,000 ரூபாயாகத்தான் தெரியும்.

சிக்கல் இதில் எதிலும் இல்லை. இந்த வீட்டைச் சுற்றி மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கோப்புகளில் இருப்பது ஒரே ஒரு காகிதம். வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வாடகை ஒப்பந்தம் அது. நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையில், 'இந்த வீட்டில் நீங்கள் இன்ன தகுதியில் தங்குகிறீர்கள், இன்ன நாளில் காலி செய்ய வேண்டும்' என்று சொல்லும் இரண்டாவது காகிதம் இருப்பதில்லை. பணி நியமனக் கடிதத்தில் 'நிறுவன வீடு வழங்கப்படும்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்காரருக்கும் ஊழியருக்கும் இடையிலோ சட்டப்படி ஓர் உறவும் கிடையாது. மாடிப்படியில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். குழாய் ஒழுகினால் நேரில் பேசிக்கொள்வார்கள். ஆனால் வீட்டுக்காரரின் கண்ணில் வாடகைதாரர் நிறுவனம்தான்.

ஊழியர் ராஜினாமா செய்த பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

வாடகை 40,000. நிறுவனம் ஜிஎஸ்டி பதிவு பெற்றது. 2022 ஜூலை 18 முதல், பதிவு பெற்ற நிறுவனம் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை வீட்டுக்காரருக்குப் பதில் நிறுவனமே நேரடியாகக் கட்ட வேண்டும். ஆக மாதம் 7,200 அதற்கு. அடுக்குமாடிச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் 4,000 என்று வைத்துக்கொண்டால், மாதம் 51,200 ரூபாய் வெளியே போகிறது. கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள முடியுமா என்பது ஆடிட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஒப்பந்தப்படி வீட்டைக் காலி செய்ய இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும்.

ஊழியர் ஜூன் 10 அன்று ராஜினாமா கொடுக்கிறார். அவருடைய நோட்டீஸ் காலம் ஒரு மாதம். மின்னஞ்சல் அவருடைய மேலாளருக்குப் போகிறது, அங்கிருந்து மனிதவளப் பிரிவுக்குப் போகிறது. வீட்டு ஒப்பந்தம் இருப்பதோ நிர்வாகப் பிரிவின் அலமாரியில். அவர்களுக்குச் செய்தி எட்டுவது ஜூலை 10, அதாவது 'நோ டியூ' நாள். அன்றைக்குத்தான் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகிறது. அது முடிவது செப்டம்பர் 10. இடையிலான இரண்டு மாதத்துக்கு 1,02,400 ரூபாய். அந்த வீட்டில் நிறுவனத்தின் ஊழியர் என்று ஒருவரும் இல்லாத இரண்டு மாதம் அது. ஜூன் 10 அன்றே நோட்டீஸ் போயிருந்தால் பாதித் தொகையோடு முடிந்திருக்கும். அதோடு ஒப்பந்தத்தில் 'குடியிருக்கும் ஊழியர் பணியிலிருந்து விலகினால் ஒரு மாத முன்னறிவிப்பு போதும்' என்று ஒரு பிரிவு எழுதி வாங்கியிருந்தால் செலவே வந்திருக்காது. வீடு பிடிக்கும் நேரத்தில் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். ராஜினாமாவுக்குப் பிறகு கேட்டால் அவர் சம்மதிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இது ஊழியர் ஒழுங்காகக் காலி செய்துவிட்டுப் போனால் வரும் கணக்கு.

காலி செய்யாவிட்டால்? நோட்டீஸ் கொடுத்துவிட்டோம், இனி வீட்டுக்காரர் பாடு, ஊழியர் பாடு என்று சில அலுவலகங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. சட்டம் அப்படி ஒதுங்க விடாது. வாடகை முடியும்போது வீட்டைக் காலியாகத் திரும்ப ஒப்படைப்பது வாடகைதாரரின் கடமை. நோட்டீஸ் கொடுத்ததோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. உள்ளே வேறொருவர் உட்கார்ந்திருக்கும்வரை வாடகைதாரரான நிறுவனம் வீட்டை ஒப்படைக்கவில்லை என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வாடகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அவர் கேட்கப்போவது முன்னாள் ஊழியரிடம் அல்ல, உங்களிடம். அந்தச் சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று விட்டுவிட்ட கோப்புகள் உங்களிடம் இருந்தால் அவற்றையும் இந்தச் சாக்கில் எடுத்துப் பாருங்கள்.

பூட்டை மாற்றுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது என்று இறங்க வேண்டாம். வாடகைதாரருக்கு அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று வீட்டுக்காரரையே சட்டம் தடுத்திருக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரரும் அல்லாத நிறுவனம், உள்ளே ஒரு குடும்பம் இருக்கும்போது அப்படிச் செய்தால் நீதிமன்றத்தில் தன் பக்க நியாயத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நிறுவனத்தின் கையில் ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இருப்பவர்களிலும் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 452-ஆவது பிரிவு அது. பழைய 1956 சட்டத்தில் 630-ஆவது பிரிவாக இருந்தது. கம்பெனியின் சொத்தை அதிகாரியோ ஊழியரோ முறைகேடாகப் பிடித்துவைத்துக்கொண்டால் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். குறிப்பிட்ட நாளுக்குள் சொத்தைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். கொடுக்கத் தவறினால் இரண்டு ஆண்டு வரை சிறை.

வாடகைக்கு எடுத்த வீடு எப்படிக் கம்பெனியின் சொத்தாகும் என்ற கேள்வி உடனே எழும். அது முன்பே உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த கேள்வி. ராஜினாமா செய்தவர் இனி ஊழியரே அல்லவே, பிரிவு அவரைத் தொடுமா என்பதற்கு 1987-இல் பதில் வந்தது: தொடும், முன்னாள் ஊழியரும் அதில் அடக்கம். 1989-இல் முடிவான வழக்குதான் நம் விஷயத்துக்கு மிக அருகில் இருப்பது. பம்பாயில் ஒரு நிறுவனம் தன் அதிகாரி தங்குவதற்காக அடுத்தவர் வீட்டை எடுத்துக் கொடுத்திருந்தது. அவர் வேலையை விட்டார், வீட்டை விடவில்லை. உண்மையான குடியிருப்பாளர் நான்தான் என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கையும் போட்டுவைத்தார். நிறுவனம் வாடகைக்கு எடுத்த வீட்டின் மீது அதற்குள்ள உரிமையும் இந்தப் பிரிவின் பாதுகாப்புக்குள் வரும் என்றும், உரிமையியல் வழக்கு ஒன்றைப் போட்டுவிட்டதாலேயே குற்றவியல் நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டுவிடாது, அந்த உரிமைக் கோரிக்கை நேர்மையானதா என்று பார்க்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995-இல், இறந்துபோன அதிகாரியின் குடும்பத்தினர் வீட்டைத் தராமல் வைத்திருந்த வழக்கிலும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் இந்த ஆயுதத்துக்கு எல்லைகள் உண்டு. கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனிக்குத்தான் இது. கூட்டு நிறுவனமோ தனியாள் நிறுவனமோ இதை எடுத்துக்கொள்ள முடியாது. புகார் கொடுக்கும் உரிமை கம்பெனிக்கும், அதன் பங்குதாரர், கடன் கொடுத்தவர் போன்றவர்களுக்கும்தான், வீட்டுக்காரருக்கு இல்லை. ஆகவே நிறுவனம் அசையாவிட்டால் வீட்டுக்காரரால் இதைத் தொட முடியாது. புகார் கொடுத்த மறுநாளே சாவி வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மாதங்கள் ஆகும், இழுத்தால் ஆண்டுகளும் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டாவது காகிதத்தைத்தான். எந்த நிபந்தனையில் வீட்டைக் கொடுத்தீர்கள், எந்த நாளில் அவர் இருப்பது முறைகேடாக மாறியது என்று கேட்டால், காட்ட ஏதாவது வேண்டும்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது, அதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டைக் காலி செய்யாதவரின் பிஎஃப், கிராஜுவிட்டி, கடைசிச் சம்பளம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து வழிக்குக் கொண்டுவருவதுதான் பல அலுவலகங்களில் முதல் யோசனை. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் 452-ஆவது பிரிவில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: பிஎஃப், ஓய்வூதியம், கிராஜுவிட்டி போன்ற நிதிகள் சார்ந்து அந்த ஊழியருக்குச் சேர வேண்டிய தொகையைக் கம்பெனி கொடுக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டால், குடியிருப்பு வீட்டைப் பிடித்துவைத்திருந்ததற்காக அவரைச் சிறைக்கு அனுப்ப உத்தரவிட முடியாது. எந்தப் பணத்தை நிறுத்தி அவரைப் பணிய வைக்கப் பார்க்கிறீர்களோ, அதை நிறுத்துவதே உங்கள் சட்ட ஆயுதத்தின் கூர்மையை எடுத்துவிடுகிறது. கிராஜுவிட்டியிலிருந்து வீட்டு பாக்கியைக் கழிக்கலாமா என்பதில் உச்ச நீதிமன்றமே 2001-இல் ஒரு விதமாகவும் 2020-இல் வேறு விதமாகவும் சொல்லியிருக்கிறது; அதை நம்பி அலுவலகக் கொள்கை வகுக்க முடியாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ, வேலையை விட்டவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு சாவிக்குக் காத்திருக்கும் பழைய வழக்கம் இனி ஓடாது. சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கேட்பவரே நீதிமன்றத்தில் பலமாக நிற்பவர்.

இதற்கிடையில் நிர்வாகப் பிரிவில் யாராவது நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு காரியம் உண்டு. 'ரெண்டு மாசம் இருந்துக்கோங்க சார், வாடகையை மட்டும் கம்பெனி அக்கவுன்ட்ல போட்டுடுங்க' என்று வாயால் சொல்லிவிட்டு, மாதாமாதம் பணம் வாங்கி, 'வாடகை' என்று ரசீதும் கொடுப்பது. இரக்கம் சரி, ரசீது தவறு. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதாக அவர் சொல்லலாம். அதைவிட மோசமாக, நான் உள்வாடகைதாரர் என்று முன்னாள் ஊழியர் சொல்லிக்கொள்ள அந்த ரசீதே முதல் சாட்சியாகிவிடும். அவகாசம் கொடுப்பதாக இருந்தால், இன்ன தேதி வரை தங்க அனுமதிக்கிறோம், அதுவரை ஆகும் செலவை இழப்பீடாகப் பெறுகிறோம் என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும்.

ஊழியருக்கு வீடு பிடித்துப்போய், புது வேலைக்கும் பக்கமாக இருந்து, அங்கேயே தொடர ஆசைப்படுவதும் உண்டு. இதில் தவறொன்றும் இல்லை. எல்லோருக்கும் நல்ல முடிவாகக்கூட இருக்கும். ஆனால் இதைச் செய்யும் வரிசை முக்கியம். முதலில் நிறுவனம் வீட்டுக்காரரிடம் வீட்டை ஒப்படைத்ததாக இருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸ் நிறுவனத்தின் கணக்குக்குத் திரும்பி வர வேண்டும். அதன் பிறகு வீட்டுக்காரரும் அவரும் தங்களுக்குள் புது ஒப்பந்தம் போட்டு, அவர் தன் சொந்த அட்வான்ஸைக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. 'கம்பெனி அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும், நான் கம்பெனியோடு பேசிக்கொள்கிறேன்' என்று ஊழியர் வீட்டுக்காரரிடம் சொல்கிறார், வீட்டுக்காரர் தலையாட்டுகிறார், இரண்டு லட்சம் ரூபாய் யாருக்குச் சொந்தம் என்பது ஒரு வருடம் கழித்து வீட்டுக்காரர் வீட்டை விற்கும்போதுதான் கேள்வியாகிறது. அதற்குள் நிர்வாகப் பிரிவில் அந்தக் கோப்பைப் பார்த்துக்கொண்டவரும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இனி, வீடு காலியாகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். சட்டத்தைவிட அதிகமான மனக்கசப்பு பிறப்பது அங்கேதான்.

சனிக்கிழமை காலை. லாரி கிளம்பிவிட்டது. வெறும் கூடத்தில் பேச்சு எதிரொலிக்கிறது. வீட்டுக்காரர் விளக்கு ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கிறார். சுவரில் டிவி மாட்டிய இடத்தில் நான்கு துளைகள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் அலமாரிப் பலகை தண்ணீரில் ஊறி உப்பிப்போயிருக்கிறது. 'வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு' என்கிறார் ஊழியரின் மனைவி. 'இல்லம்மா, புதுசாப் போட்டுக் கொடுத்தேன்' என்கிறார் வீட்டுக்காரர். இருவரும் உண்மை பேசுவதாகவே நம்புகிறார்கள். அந்த இடத்தில் நிறுவனத்தின் சார்பில் ஒருவரும் இல்லை. பலகைக்கும் துளைக்கும் கழித்துக்கொள்ளப்படப் போவது நிறுவனத்தின் அட்வான்ஸில். நிறுவனம் அதை ஊழியரிடம் வசூலிக்கப் பார்க்கும்போது அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார்.

குடி வந்த அன்று எடுத்த நாற்பது படங்கள் இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழாது. தொட்டிக்கு அடியில், கழிவறைக் கதவின் கீழ்விளிம்பில், குளியலறை ஹீட்டருக்குக் கீழே, ஏசி தண்ணீர் வடியும் சுவரில், ஆக ஈரம் தங்கும் இடங்களில் கட்டாயம் படம் வேண்டும். சாவிகளை எண்ணி எழுத வேண்டும்: வாசல் கதவுக்கு இரண்டு, கம்பிக் கதவுக்கு ஒன்று, தபால் பெட்டிக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு ஒவ்வொன்று. காலி செய்யும் நாளில் அதே தாளை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர், ஊழியர், நிறுவனத்தின் ஆள் மூவரும் சேர்ந்து சுற்றி வந்து, கீழே மூவரும் கையெழுத்திட வேண்டும். சாவி ஊழியரிடமிருந்து நிறுவனத்தின் கைக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்காரர் கைக்குப் போக வேண்டும். காவலாளியிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினால் அது ஒப்படைப்பு ஆகாது.

மின் கணக்கையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மீட்டர் பார்க்கிறார்கள். நடுவில் காலி செய்தவர் எரித்த மின்சாரத்துக்கான ரசீது அவர் போன பிறகு, வீட்டுக்காரர் பெயரில் வரும். சாவி வாங்கும் அன்று மீட்டரின் எண்ணைப் படம் எடுத்து அந்தத் தாளில் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை. பெயின்ட் செலவு இன்னொரு பழைய தகராறு. போகும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கென்று கழித்துக்கொள்வது சென்னை வழக்கம். பத்து மாதம் இருந்தவருக்கும் ஐந்து வருடம் இருந்தவருக்கும் அதே கழிவா, அதை நிறுவனம் ஏற்குமா ஊழியர் ஏற்பாரா என்பதை இரண்டு காகிதங்களிலும் முன்பே எழுத வேண்டும். வெகுநாள் குடியிருந்ததால் மங்கிப்போன சுவருக்கு ஊழியரிடம் பணம் கேட்பது நியாயமில்லை. நிறுவனம் அவரை அங்கே குடிவைத்ததே குடியிருக்கத்தான்.

பயிற்சிப் பொறியாளர்கள் ஆறு பேரைச் சேர்த்துத் தங்க வைக்கும் மூன்று படுக்கையறை வீடுகளில் இந்தத் தாள் ஆளுக்கொன்றாக வேண்டும். ஒருவர் போகும்போது அவருடைய கட்டில், அலமாரி, சாவி மட்டும் கணக்கு முடிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியாகக் கதவைப் பூட்டும் பையன் தலையில் ஆறு பேர் செய்த சேதமும் விழும்.

இவ்வளவும் நிறுவனத்தின் பக்கம் நின்று சொன்னது. அந்த வீட்டுக்குள் இருக்கும் குடும்பத்தின் பக்கமும் கொஞ்சம் நின்று பாருங்கள். வேலையை விடுகிறவர் எல்லோரும் நல்ல சம்பளத்துக்கு மாறிப் போகிறவர்கள் அல்ல. ஆட்குறைப்பில் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே மின்னஞ்சலில் வேலையும் போகிறது, வீடும் போகிறது. கம்பெனி வீட்டில் இருந்ததால் கையில் அட்வான்ஸ் பணம் என்று எதுவும் கிடையாது. புது வீட்டுக்கு மூன்று மாத வாடகையையாவது மொத்தமாகப் புரட்ட வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீடு கொடுக்க வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். பிப்ரவரியில் அந்த மின்னஞ்சல் வந்தால், வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுதும் பிள்ளை இருந்தால், பதினைந்து நாளில் காலி செய் என்பது எவ்வளவு பெரிய இடி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊழியர் இறந்துபோய், காரியம் முடிந்த மறுவாரம் அந்த அம்மாவுக்கு நோட்டீஸ் போவது அதைவிடக் கொடுமை. 452-ஆவது பிரிவு குடும்பத்தின் மீதும் பாயும் என்பது உண்மை. அதனாலேயே அதை எடுக்கும் முன் எத்தனை மாதம் பொறுப்பது என்று நிறுவனம் தானே எழுதிவைத்திருக்க வேண்டும்.

தானாக ராஜினாமா செய்தால் கடைசி வேலை நாளிலிருந்து 15 நாள், நிறுவனமே அனுப்பினால் இரண்டு மாதம், இறப்பு நேர்ந்தால் ஆறு மாதம், பள்ளித் தேர்வு நெருங்கினால் தேர்வு முடியும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். எண்கள் உங்கள் வசதிப்படி இருக்கட்டும்; ஆனால் அவை குடியேறும் நாளில் கொடுக்கும் கடிதத்திலேயே அச்சாகியிருக்கட்டும். நாள் தெரிந்த குடும்பம் அந்த நாளுக்குள் தயாராகிவிடும். எழுதப்பட்ட அவகாசம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், அப்போது நீங்கள் நீதிமன்றம் போவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், தமிழிலும் இருக்கட்டும். இந்த வீடு பணியில் இருக்கும்வரை தங்குவதற்கான அனுமதி மட்டுமே, வாடகை உரிமை அல்ல என்ற ஒரு வரி. காலி செய்ய வேண்டிய நாட்கள். மின்சாரம், பராமரிப்பு, பெயின்ட், சேதம் யார் பொறுப்பு. வீட்டுக்காரரோடு தனியாக ஒப்பந்தம் போடுவதானால் எப்படி. பின்னிணைப்பாகப் படங்களும் சாவிக் கணக்கும். ராஜினாமா மின்னஞ்சல் வந்த அன்றே அதன் நகல் நிர்வாகப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் உங்களுக்குள் ஒரு விதியாக்கிக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்கில் பாதிப் பணத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த ஒரு நகல்தான்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும், நிறுவனத்தின் பெயரில் எத்தனை வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இப்போது யார் இருக்கிறார், அவர் இன்னமும் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா என்று மூன்றையும் அருகருகே வைத்து ஒருமுறை சரிபாருங்கள். பிறகு 'நோ டியூ' படிவத்தில், லேப்டாப்புக்கு மேலே, வீட்டுச் சாவிக்கு ஒரு கட்டம் சேருங்கள்.